ஜோடி மைனாவுக்கு வந்த ஆட்சேபணை

எங்கள் பட்டறைச் சுவரில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் ஒரு காகிதத்தை லேமினேட் செய்து மாட்டியிருந்தேன். மேலே அரசாங்கத்தின் பெயர், கீழே இங்கிலீஷில் என் பெயர். என் பெயரை இங்கிலீஷில் எப்படி எழுதுவார்கள் என்பது மட்டும் எனக்குத் தெரியும். ரேஷன் கார்டில் பார்த்துப் பழகியது. மற்றபடி மூன்றாம் வகுப்போடு சரி. தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பேன். அந்தக் காகிதத்தில் தமிழே இல்லை.

செருப்பின் பெயரைப் பதிவு செய்ய மனுப் போட்டிருந்தேன். ஆம்பூரில் என் வீட்டுப் பின்புறம் தகரக் கொட்டகையில் நான்கு பெண்களை வைத்துக்கொண்டு தோல் செருப்பு செய்கிறேன். ஃபேக்டரிகளில் ஷூவுக்கு வெட்டியது போக மிஞ்சும் தோலைக் கட் பீஸ் என்று எடை போட்டு விற்பார்கள். அதை வாங்கி வார் வெட்டி, மடித்துத் தைத்து, சொல்யூஷன் போட்டு ஒட்டுவோம். கடைசியாகக் கால் பதியும் இடத்தில் பித்தளை அச்சைச் சுட வைத்து அழுத்துவேன். இரண்டு மைனாக்கள், சுற்றி எழுத்து: ‘ஆம்பூர் ஜோடி மைனா தோல் செருப்பு’. அந்த அச்சை வேறு யார் கையிலும் நான் கொடுப்பதில்லை.

வாலாஜாபேட்டையில் எங்கள் சரக்கை எடுக்கும் கடைக்காரர்தான் முதலில் சொன்னார். “வடக்கேர்ந்து மைனான்னு ஒரு செருப்புப் பொட்டி நம்ம பக்கம் வர ஆரம்பிச்சிருக்கு. உங்க பேரைப் பதிஞ்சு வெச்சுக்கோங்க. நாளைக்கு அவன் கேஸ் போட்டான்னா, நான் உங்க சரக்கை அடுக்கி வெச்சுக்க முடியாது” என்றார். அந்தப் பெயர் போனால் கொட்டகை போனது போலத்தான். என் செருப்பை யாரும் என் பேர் சொல்லிக் கேட்பதில்லை. மைனாச் செருப்பு என்றுதான் கேட்கிறார்கள்.

அதனால் சத்துவாச்சாரியில் ஒரு வக்கீல் பெண்ணிடம் போனேன். மாடியில் ஒற்றை அறை ஆபீஸ். அவள்தான் மனுவைக் கம்ப்யூட்டரில் ஏற்றினாள். எத்தனை வருஷமாக இந்தப் பெயரில் விற்கிறீர்கள் என்று கேட்டாள். இருபத்து மூன்று என்றேன். அதற்கு ஆதாரமாகப் பழைய பில், போட்டோ ஏதாவது கொண்டு வாருங்கள், ஒரு பிரமாணப் பத்திரமும் கூடவே போட வேண்டும் என்றாள். அப்புறம் தருகிறேன் என்றேன். அப்புறம் என்று நான் சொன்னதற்கு ஒரு காரணம் இருந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை.

சில மாதம் கழித்து அவள் போனில் இரண்டு பக்கம் அனுப்பி, கூடவே நீளமாகப் பேசியும் அனுப்பியிருந்தாள். மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. “அம்மா, ரிப்போர்ட் வந்துடுச்சு” என்பது வரைக்கும் கேட்டேன். எனக்கு அது போதுமாக இருந்தது. மறுநாளே கடைத்தெருவில் முதல் பக்கத்தை மட்டும் அச்செடுத்து லேமினேட் போட்டுவிட்டேன். இரண்டு நாள் கழித்து அவள் போன் செய்தாள்.

“பார்த்தீங்களாம்மா? இன்னா சொல்லியிருக்காங்கன்னு புரிஞ்சுதா?”

“பார்த்துட்டேன்மா. ரொம்ப சந்தோஷம்.”

“சந்தோஷமா?” என்று கேட்டாள். “சரி, பேப்பரெல்லாம் எடுத்து வைங்க.”

“வெச்சிட்டேன்.”

படிக்கத் தெரியாது என்று சொல்வதற்கு எனக்கு வாய் வராது. நான்கு பேருக்குச் சம்பளம் கொடுக்கிறவள் என்ற எண்ணம். வேலை செய்யும் பெண்கள் அந்தக் காகிதத்துக்குப் பொட்டு வைத்தார்கள். அதையும் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

காகிதம் வந்த பத்தொன்பதாம் நாள், ஒரு கிலோ மைசூர்பாகு வாங்கிக்கொண்டு சத்துவாச்சாரிக்குப் பஸ் ஏறினேன். பையை மேசையில் வைத்ததும் வக்கீல் பெண் பில்கள் என்று நினைத்து ஆவலாகத் திறந்தாள். டப்பாவைப் பார்த்து என்னைப் பார்த்தாள்.

“இன்னாம்மா இது?”

“பதிவாயிடுச்சே. வெறுங்கையோட வர முடியுமா?”

“யாரு சொன்னது பதிவாயிடுச்சுன்னு?”

“நீதானேம்மா அனுப்புன. லேமினேட் பண்ணி மாட்டிட்டேன்.”

அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும், அதில் தப்பித்திருப்பேன். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு, நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“அம்மா, இது சர்டிஃபிகேட் இல்ல. உங்க மனுவை ஒரு அதிகாரி பரிசோதனை பண்ணி, இந்தக் காரணத்தால பதிவு பண்ண முடியாதுன்னு ஆட்சேபணை எழுதியிருக்காரு. நாம பதில் சொல்லணும். தப்பு என் மேலயும் இருக்கு. நேர்ல வரவெச்சுச் சொல்லியிருக்கணும்.”

அவள் மேல் தப்பில்லை என்று எனக்குத் தெரியும். அவளே ஏற்றுக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

“பொட்டி மேல வட்டத்துக்குள்ள ஆர்னு ஏதாவது போட்டீங்களா?”

அச்சகத்துக்காரர் சொன்னபடி அந்த எழுத்தோடுதான் லேபிள் அடிக்கக் கொடுத்திருந்தேன். அங்கேயே உட்கார வைத்து அச்சகத்துக்குப் போன் போட்டு நிறுத்தச் சொன்னாள். பதிவாகாமல் அந்த எழுத்தைப் போடுவது குற்றமாம். டிஎம் என்று வேண்டுமானால் போட்டுக்கொள்ளலாம் என்றாள்.

பிறகு ஒரு வெள்ளைத் தாளை எடுத்துத் தமிழில் எழுதிக்கொண்டே சொன்னாள். நான் கேட்காமலே தமிழில் எழுதினாள்.

“மூணு விஷயம் கேக்கறாங்க. ஒண்ணு, ஒன்பதாம் பிரிவு. ‘ஆம்பூர்’ங்கறது ஊர் பேரு. ‘தோல் செருப்பு’ங்கறது சரக்கோட பேரு. இந்த ஊர்ல தோல் செருப்பு செய்யற எல்லாருக்கும் அந்த வார்த்தை வேணும். அதை நீங்க ஒருத்தரே எடுத்துக்க முடியாது.”

“எனக்கு எதுக்கும்மா ஊரு? மைனா போதும்.”

“அதையேதான் எழுதப் போறோம். அந்த வார்த்தைங்க மேல நாங்க தனி உரிமை கேக்கல, மொத்தமா அந்தப் படமும் பேரும் சேர்ந்துதான் எங்க அடையாளம்னு. இது பெரிய தலைவலி இல்ல. ரெண்டாவது பதினொண்ணாம் பிரிவு. அந்த வடக்கத்தி மைனா, அவங்களும் செருப்புக்குத்தான் பதிஞ்சிருக்காங்க. பதிவும் வியாபாரமும் பத்தொன்பது வருஷமா இருக்கு. வாங்கறவங்க ரெண்டையும் குழப்பிக்குவாங்கன்னு சொல்றாங்க.”

“நாம இருபத்து மூணு.”

“அதான் நம்ம பலம். அவங்களுக்கு முன்னாடியே நாம விக்கறோம்னு காட்டினா பேச இடம் இருக்கு. அதிகாரி கட்டாயம் ஒத்துக்குவாருன்னு நான் சொல்ல மாட்டேன், ஆனா இடம் இருக்கு. மூணாவது ஆட்சேபணை அதுதான். இருபத்து மூணு வருஷம்னு எழுதிட்டு அதுக்குப் பிரமாணப் பத்திரமும் ஆதாரமும் எங்கேன்னு கேக்கறாங்க. நீங்க அப்புறம் தரேன்னு சொன்னீங்களே, அது.”

“எப்போ தரணும்?”

“ரிப்போர்ட் கைக்கு வந்த நாள்லேர்ந்து ஒரு மாசம். அவங்க எனக்கு மெயில்ல அனுப்புன நாளே கைக்கு வந்த நாள், அன்னிக்கேதான் உங்களுக்கும் அனுப்பினேன். நீங்க இன்னிக்குத்தான் புரிஞ்சுக்கிட்டீங்கன்னு சொல்ல முடியாது. பத்தொன்பது நாள் போயிடுச்சு. பதில் வரலன்னா மனுவைக் கைவிட்டுட்டதா எடுத்துக்கலாம்னு சட்டத்துல இருக்கு. அவகாசம் கேட்டு மனுப் போடலாம், ஆனா கொடுப்பாங்கன்னு நம்பி உக்கார மாட்டேன். பழைய பில்லு எங்கேம்மா?”

ஜன்னலுக்கு வெளியே ஹைவேயில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. “என்கிட்ட இல்ல” என்றேன். பிறகு பதினேழு வருஷமாக நான் யாரிடமும் சொல்லாததை, மைசூர்பாகு டப்பாவைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

ஜோடி மைனாவை நான் தனியாக ஆரம்பிக்கவில்லை. எங்கள் பக்கத்துத் தெருவில் ஓர் ஆபா இருக்கிறார். என்னைவிட மூன்று வயது மூத்தவர். அக்கா என்பதை அவர்கள் வீட்டில் ஆபா என்பார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். இரண்டு பேரும் ஃபேக்டரி ஷூவின் மேல்பாகத்தை வீட்டுக்கு வாங்கி வந்து ஜோடிக்கு இவ்வளவு என்று கையால் தைத்தவர்கள். ஒருநாள் ஆபாதான், எத்தனை நாள் ஊருக்குத் தைப்பது, நமக்குத் தைப்போம் என்றார். மைனாவை வரைந்தது அவர். அச்சை வெட்டி வந்தது அவர். தமிழும் உருதும் கோர்வையாக எழுதுவார் என்பதால் பில்லும் அவரே எழுதினார். தோல் பேரம், வெட்டு, தையல் என் பக்கம். பட்டறை அவர் வீட்டு முன்னறையில் இருந்தது.

ஆறாவது வருஷம் அவர் வீட்டுக்காரர் இறந்துபோனார். ஆபா இத்தாவில் உட்கார்ந்தார். நான்கு மாதம் பத்து நாள் வீட்டோடு இருக்க வேண்டும். வியாபாரிகள் வந்துபோகிற வீட்டில் அது சரிப்படாது என்று, மிஷினையும் அச்சையும் என் கொட்டகைக்கு எடுத்துப்போகச் சொன்னது அவர்தான். “நீ பார்த்துக்கடி, நான் வர்றேன்” என்றார்.

நான்கு மாதத்தில் கடைக்காரர்கள் என்னிடம் நேராகப் பேசப் பழகினார்கள். பில்லுக்குப் பக்கத்து வீட்டுப் பெண்ணை வைத்துக்கொண்டேன். முதலாளியம்மா என்று ஒருவர் கூப்பிட்டார். அந்த வார்த்தை எனக்குப் பிடித்திருந்தது. பத்து நாளும் முடிந்து ஆபா வெள்ளை முக்காட்டோடு கொட்டகை வாசலுக்கு வந்தபோது, நான் வெட்டுப் பலகையிலிருந்து எழுந்திருக்கவில்லை. “இப்போ ஒரு ஆளே போதும் ஆபா, வேலை கம்மியா இருக்கு” என்றேன். எனக்குப் பின்னால் மூன்று ஆட்கள் தைத்துக்கொண்டிருந்தார்கள். அவர் அவர்களைப் பார்த்தார், அச்சைப் பார்த்தார், போய்விட்டார். சண்டை போட்டிருக்கலாம்.

வக்கீல் பெண் கேட்டு முடித்து, பேனாவை மூடினாள்.

“அம்மா, நான் நியாயம் சொல்ற ஆள் இல்ல. சட்டம் சொல்றேன். ரெண்டு பேர் சேர்ந்து ஆரம்பிச்ச பேரு ரெண்டு பேருக்கும் சொந்தம். இருபத்து மூணு வருஷமா நான் மட்டும்தான்னு நீங்க சத்தியம் பண்ணா அது பொய் சத்தியம். தனியா நடத்தின பதினேழு வருஷத்தை மட்டும் சொன்னா, அவங்க பத்தொன்பது. நாம பின்னாடி போயிடுவோம்.”

“வேற வழி?”

“அந்த அம்மா, அந்தப் பேர்ல தனக்கிருக்கற பாத்தியதையை உங்களுக்கு விட்டுக் கொடுத்ததா எழுதிக் கொடுக்கணும். அப்போ சேர்ந்து நடத்தின ஆறு வருஷத்தையும் உங்க காலத்தோட சேர்த்துக் காட்டலாம். பில்லும் அவங்ககிட்ட இருந்தா வாங்கிட்டு வாங்க. பதினோரு நாள் இருக்கு. எனக்கு எழுத மூணு நாள் வேணும்.”

மைசூர்பாகை அவள் தொடவில்லை. திரும்ப எடுத்துக்கொண்டு வந்தேன்.

ஐந்து நாள் போகாமல் இருந்தேன். தோல் வாங்க வேண்டும், ஆள் வரவில்லை என்று எனக்கே சாக்குச் சொல்லிக்கொண்டேன். லேமினேட் காகிதத்தைக் கழற்றி மிஷினுக்கு அடியில் செருகினேன். பொட்டு வைத்த பெண், “இன்னாம்மா, சாமியைக் கழட்டிட்டீங்க?” என்று கேட்டாள். “நீ தைக்கிறதைப் பாரு” என்று எரிந்து விழுந்தேன்.

ஆறாம் நாள் காலை ஆபா வீட்டுக்குப் போனேன். பக்கத்துத் தெருதான். பதினேழு வருஷமாக அந்தத் தெருவைச் சுற்றிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போனவள் நான். ஆபா முன்னறையில், எங்கள் பட்டறை இருந்த அதே அறையில், வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். கண்ணாடி போட்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

“வாடி முதலாளி. வழி தெரிஞ்சுதா?”

“தெரிஞ்சுது ஆபா.”

“உக்காரு. எழுந்து வரவேற்க முடியல, மூட்டு வலி ஜாஸ்தி. எழுந்திருக்காம பேசறது உனக்குப் பழக்கம்தானே.”

உட்கார்ந்தேன். வந்த விஷயத்தைச் சொன்னேன். வக்கீல் பெண் எழுதிக்கொடுத்த தமிழ்த் தாளை நீட்டினேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, மூன்று ஆட்சேபணையையும் நிதானமாகப் படித்தார். படித்து முடிக்கும் வரை எனக்கு வெங்காயம் உரிக்க வேண்டியிருந்தது. கை சும்மா இருக்க முடியவில்லை.

“இதுல ஒரு ஆட்சேபணை விட்டுப் போயிருக்கு” என்றார்.

நான் அடுத்த வெங்காயத்தை எடுத்தேன்.

“இன்னும் எத்தினி நாளு?”

“அஞ்சு. வக்கீலுக்கே மூணு நாள் வேணுமாம்.”

“பதினேழு வருஷம் இருந்துச்சு. நீ அஞ்சு நாள்ல வந்து நிக்கறே.”

சுவரைப் பிடித்து எழுந்து, உள்ளே போய் ஒரு பிஸ்கட் தகர டப்பாவைக் கொண்டுவந்தார். முதல் பில் புத்தகம். கார்பன் பிரதிகள் நீலமாக மங்கியிருந்தன, ஆனால் தலைப்பில் மைனா முத்திரையும் தேதியும் தெளிவாக இருந்தன. வேலூர் கோட்டை மைதானத்துப் பொருட்காட்சியில் ஸ்டாலில் நாங்கள் நின்ற போட்டோவும் இருந்தது. பின்னால் பேனரில் இரண்டு மைனா. நான் பல்லெல்லாம் தெரியச் சிரித்திருந்தேன்.

“இதையெல்லாம் ஏன் ஆபா வெச்சிருக்கே?”

“என் கையெழுத்துடி. எரிக்கவா சொல்றே?”

பில்லைத் தருகிறேன், கையெழுத்தும் போடுகிறேன் என்றார். பாதி உனக்கு எழுதி வைக்கிறேன் ஆபா என்று அவசரமாகச் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது.

“பாதி எனக்கு எப்பவோ இருந்துச்சு. இப்போ நீ குடுக்கறதுக்கு இன்னா இருக்கு? எனக்கு ஒண்ணு வேணும். அன்னிக்கு இன்னா பண்ணேன்னு உன் கையால எழுது. வேற யாரையும் வெச்சு எழுதாதே. நீயே எழுது.”

“எனக்கு எழுத்துத் தப்பு வரும் ஆபா.”

“வரட்டும். திருத்த மாட்டேன்.”

ஒரு பழைய நோட்டிலிருந்து தாளைக் கிழித்துக் கொடுத்தார். அன்று முற்பகல் முழுவதும் எழுதினேன். எட்டு வரிதான் வந்தது. ‘ஆபா இத்தாவில் இருந்தபோது அச்சு என்னிடம் இருந்தது. திரும்பக் கேட்க வந்தபோது நான் எழுந்திருக்கவில்லை. வேலை இருந்தது. வேலை இல்லை என்று சொன்னேன்.’ இப்படிப் போகும். அவர் கண்ணாடியைப் போட்டுப் படித்தார். சொன்னபடியே ஒன்றையும் திருத்தவில்லை. மடித்துத் தகர டப்பாவில், பில் புத்தகம் இருந்த இடத்தில் வைத்து மூடினார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. டீ கொடுத்தார், குடித்தேன்.

மறுநாள் இரண்டு பேரும் பஸ்ஸில் சத்துவாச்சாரி போனோம். வழியெல்லாம் அவர் மூட்டு வலியைப் பற்றித்தான் பேசினார். இருவரும் சேர்ந்து ஆரம்பித்ததையும், ஆறு வருஷம் சேர்ந்து நடத்தியதையும், பிறகு நான் தனியாக நடத்துவதையும் வக்கீல் பெண் உள்ளபடி எழுதினாள். நோட்டரி முன்னால் பிரமாணப் பத்திரத்தைத் தமிழில் படித்துக் காட்டினார்கள். “எல்லாம் புரிஞ்சுதாம்மா?” என்று நோட்டரி கேட்டார். வழக்கம்போலப் புரிந்தது என்று சொல்ல வாய் திறந்தேன். பக்கத்தில் ஆபா இருந்தார். “இன்னொரு தரம் படிங்க சார்” என்றேன். ஆபா விட்டுக் கொடுத்ததாக இருந்த தாளில் அவர் போட்ட கையெழுத்து பில்லில் இருந்த அதே கையெழுத்து. கெடுவுக்கு ஒரு நாள் முன்பு பதில் கம்ப்யூட்டரில் ஏறியது.

எழுதியதோடு முடியவில்லை. சில மாதம் கழித்து விசாரணைக்கு நாள் கொடுத்தார்கள். வக்கீல் பெண் வீடியோவில் பேசினாள். பழைய பில்லைத்தான் அதிகாரி ரொம்ப நேரம் பார்த்தாராம். ஊர்ப் பெயர் மேலும் தோல் செருப்பு மேலும் தனி உரிமை இல்லை என்ற நிபந்தனையோடு மனுவை ஏற்றுக்கொண்டார்கள். இந்தத் தடவை அவள் போனில் அனுப்பவில்லை, என்னை வரச் சொன்னாள்.

“இதுவும் சர்டிஃபிகேட் இல்லம்மா, லேமினேட் பண்ணிடாதீங்க. இனிமே கெஜட் மாதிரி ஒரு பத்திரிகையில உங்க மைனாவைப் போடுவாங்க. ஊர்ல யாருக்காவது எதிர்ப்பு இருந்தா சொல்லலாம். எதிர்ப்பு வரலன்னாதான் சர்டிஃபிகேட்.”

“எத்தினி நாள் டைம்?”

“நாலு மாசம்.”

பஸ்ஸில் திரும்பி வரும்போது அந்த நான்கு மாதத்தை விட்டு என் மனது நகரவில்லை. முகம் தெரியாதவனுக்கெல்லாம் எதிர்ப்புச் சொல்ல அரசாங்கம் நான்கு மாதம் கொடுக்கிறது. ஆபா வெளியே வர முடியாத நான்கு மாதத்தில்தான் நான் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டேன்.

ஆம்பூரில் இறங்கி நேராக அவர் வீட்டுக்குப் போனேன். இப்போதெல்லாம் அந்தத் தெரு வழியாகத்தான் போகிறேன். பத்திரிகையில் வரப்போவதைச் சொன்னேன், நான்கு மாதம் என்பதையும் சொன்னேன்.

ஆபா ஊசியில் நூல் கோக்க முயன்றுகொண்டிருந்தார். என்னிடம் நீட்டினார். கோத்துக் கொடுத்தேன்.

“யாரு வேணும்னாலும் எதிர்ப்பு சொல்லலாமா?”

“யாரு வேணும்னாலும்.”

“அப்போ எனக்கும் நாலு மாசம் இருக்கு” என்றார். நூலின் முனையில் முடிச்சுப் போட்டார். “யோசிச்சுச் சொல்றேன். நீ போய் வேலையைப் பாரு, முதலாளி.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார் என்று நினைக்கிறேன். தைக்கத் தூக்கிப் பிடித்த துணி முகத்தை மறைத்திருந்தது.